கம்பளி உடைகளைப் பாச்சை உருண்டை இல்லாமல் மாதக்கணக்கில் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சென்னையில். மகள் டெல்லியில் இருக்கிறாள். டிசம்பர் கடைசியில் அவள் வீட்டுக்குப் போய்ப் பிப்ரவரியில் திரும்புவோம். ஸ்வெட்டர், சால்வை, கோட்டு எல்லாம் அந்த ஆறேழு வாரத்துக்குத்தான். மீதிப் பத்து மாதம் அவை பெட்டிக்குள் கிடக்கின்றன. அப்படிக் கிடந்த ஒரு பஷ்மினா சால்வையைச் சில வருஷங்களுக்கு முன்பு பூச்சிக்குப் பறிகொடுத்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டு, வருஷா வருஷம் செய்துவருவதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

பாச்சை உருண்டை போடாவிட்டால் பூச்சி அரித்துவிடாதா?

அரிக்காது, மற்ற மூன்றையும் சரியாகச் செய்தால். உடை அழுக்கில்லாமல் இருக்க வேண்டும், அதில் முட்டையோ புழுவோ உயிரோடு இருக்கக் கூடாது, புதிதாக எதுவும் உள்ளே நுழைய முடியாதபடி மூட வேண்டும்.

பாச்சை உருண்டை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். அது காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கரையும். அந்த ஆவி அடர்த்தியாகத் தேங்கி நின்றால்தான் புழு சாகும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அப்படித் தேங்கும். நம் பீரோவிலோ கதவில் இடுக்கு, பின்பக்கம் இடுக்கு, தினமும் நாலு தடவை திறந்து மூடுவது வேறு. ஆவி பூச்சியைக் கொல்லும் அளவுக்குச் சேர்வதே இல்லை. துணியெல்லாம் நாறுகிறது, புழு தன் பாட்டுக்குத் தின்கிறது. சரி, காற்றுப் புகாத பெட்டியிலேயே போடலாமே என்றால், அவ்வளவு இறுக்கமான பெட்டிக்குள் பூச்சியும் புக முடியாது. சுத்தமான துணியை அப்படி மூடிய பிறகு உருண்டைக்கு அங்கே வேலை இல்லை.

விளக்கைச் சுற்றிப் பறக்கிறதே, அந்தப் பூச்சியா அரிக்கிறது?

அது பெரும்பாலும் வேறு ஜாதி. கம்பளியைத் தாக்கும் அந்துப்பூச்சிக்கு வெளிச்சம் பிடிக்காது. அரை விரற்கடைகூட இருக்காது, வைக்கோல் நிறத்தில் பளபளப்பாக இருக்கும், துணியை உதறினால் பறப்பதைவிட ஓடி ஒளியத்தான் பார்க்கும். அந்தப் பூச்சி எதையும் தின்பதில்லை. அதன் புழுதான் தின்கிறது. கம்பளி, பஷ்மினா, இறகு, முடி போன்றவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கக்கூடிய ஒரு சில உயிர்களில் அதுவும் ஒன்று. நம் தலைமுடியும் நகமும் அதே புரதம்தான். பீரோவுக்கு அடியில் திரளும் முடியும் தூசியும் அதற்கு உணவாவது இதனால்தான்.

உங்கள் வீட்டுச் சுவரைக் கவனித்திருப்பீர்கள். பூசணி விதை மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில், சிமெண்டுத் துகள் ஒட்டிக்கொண்டது போல ஒன்று தொங்கும். அசையாத குப்பை என்று நினைத்து விட்டுவிடுவோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து கறுத்த தலை எட்டிப் பார்க்கும், உறையை இழுத்துக்கொண்டு அரை அங்குலம் நகரும். அப்புறம் மறு முனையிலும் தலை வரும், ஏனென்றால் உறைக்கு இரு பக்கமும் வாசல். அதுவும் இந்தக் குடும்பத்துப் புழுதான். சிலந்தி வலை, தூசி, உதிர்ந்த முடி என்று வாழும். கம்பளி கிடைத்தால் அதையும் தின்னும். ஈரப்பதம் அதிகமுள்ள நம் கடற்கரை ஊர்களில் அது சர்வ சாதாரணம். கம்பளி வைக்கும் அறையில் அதைப் பார்த்தால் துடைப்பத்தால் தட்டி வெளியே போடுங்கள். ஒட்டடை அடிப்பதும் பீரோவை நகர்த்திப் பெருக்குவதும் கம்பளிக்கான பாதுகாப்பில் சேர்த்திதான்.

என்னிடம் இருப்பது நிஜக் கம்பளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். குளிர்காலத்தில் சாலையோரம் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூல். அது ஒரு வகைப் பிளாஸ்டிக், புழு அதைச் செரிக்க முடியாது. துவைத்துக் காயவைத்துச் சாதாரணமாக அடுக்கினால் போதும்.

உள்தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லாவிட்டால் உள்ளே தொங்கும் நூலில் ஒரு விரற்கடை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி பொசுங்கும் நாற்றம் வரும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் இரண்டு குணமும் தெரியும். அதைக் கம்பளிக் கணக்கிலேயே சேருங்கள், ஏனென்றால் புழு கம்பளி இழையை அரித்தாலே துணியில் ஓட்டை விழுந்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்படிச் சோதித்தபோது பத்து உருப்படியில் ஐந்துதான் கம்பளி என்று தெரிந்தது. பாதி வேலை குறைந்தது.

இரண்டே தடவைதான் போட்டேன். துவைக்காமல் வைக்கலாமா?

வேண்டாம். என் சால்வை போனது இந்த நினைப்பால்தான். ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு மாலை போர்த்தியது, பார்ப்பதற்குப் புதிதாக இருந்தது, அப்படியே மடித்து வைத்தேன். மறுவருஷம் எடுத்தபோது ஓட்டைகள் எல்லாம் கழுத்தில் படும் பகுதியிலும், சாப்பிடும்போது மடியில் விழுந்த முந்தியிலும்தான் இருந்தன. நடுப்பகுதியை அது தொடவே இல்லை. வெறும் கம்பளி புழுவுக்குச் சத்தில்லாத சாப்பாடு. வியர்வை, உடம்பு எண்ணெய், சிந்திய குழம்பு இவற்றிலிருந்துதான் அது வளர்வதற்கு வேண்டிய உப்பும் வைட்டமினும் கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கறையும் அதற்குத் தெரியும்.

ஸ்வெட்டரை வீட்டிலேயே துவைக்கலாம். அரை வாளி சாதாரணத் தண்ணீரில் கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு ஒரு மூடி கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, கையால் மெல்ல அமுக்கி எடுங்கள். சாதாரணச் சலவைத்தூள் வேண்டாம். கறையைப் போக்க அதில் சேர்க்கும் நொதிகளில் புரதத்தைக் கரைப்பவை உண்டு, கம்பளியே புரதம்தான். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் நன்றாக இருக்கும். அலசும் தண்ணீர் முதல் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கட்டும், சூடு மாறினாலும் தேய்த்தாலும் இழை ஒன்றோடொன்று பிணைந்து சுருங்கிவிடும். முறுக்கிப் பிழியாமல் பழைய துண்டில் வைத்துச் சுருட்டி மிதித்தால் தண்ணீர் போகும். கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே நீண்டு தோள் இறங்கிப்போகும். நிழலில், கயிற்றுக் கட்டில் மாதிரி அடியில் காற்று ஓடும் இடத்தில் பரப்பி, இரண்டு நாள் காயவிடுங்கள்.

பஷ்மினாவையும் கோட்டையும் நான் டிரை கிளீனிங்குக்குத்தான் கொடுக்கிறேன். அந்த ரசாயனத்தில் முட்டையும் புழுவும் செத்துவிடும் என்பது கூடுதல் லாபம். கடைக்காரர் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை வந்ததும் கழற்றிவிட்டு, ஒரு நாள் காற்றாட மாட்டி வைத்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும்.

கையால் துவைத்தால் முட்டை போய்விடுமா?

பெரும்பகுதி போகும், எல்லாம் போகும் என்று நம்ப முடியாது. குளிர்ந்த தண்ணீரும் மென்மையான சோப்பும் முட்டையைக் கொல்வதில்லை. ஒரு பூச்சி நாற்பது, ஐம்பது முட்டைகூட இடும், ஒவ்வொன்றும் மணல் பருக்கையைவிடச் சிறியது. தையல் மடிப்பிலோ காலர் அடியிலோ ஒரு சில ஒட்டியிருந்தால் போதும், நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும். அதையும் உள்ளே வைத்துப் பூட்டினால் புழுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

எனக்கு நம்பகமான வழி ஃப்ரீசர். நன்றாகக் காய்ந்த உடையைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். குளிர்ந்த துணியில் நம் ஊர்க் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், பை மூடியிருந்தால் அந்த நீர் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பல வீடுகளில் அவ்வளவு குளிர்ச்சிக்குப் போவதில்லை. ஃப்ரீசர் தெர்மாமீட்டர் ஒன்றை ஓர் இரவு உள்ளே வைத்துப் பார்த்துவிடுங்கள். மைனஸ் 10 என்று காட்டினால் அந்த வழி உங்களுக்கு உதவாது. மணிக்கணக்கில் மின்சாரம் போகும் ஊரிலும் இதை நம்ப வேண்டாம்.

அப்படியானால் வெயிலைப் பயன்படுத்தலாம். துணிக்கு நடுவே 55 டிகிரி சூடு ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு எதுவும் தப்பாது. ஏப்ரல், மே மாதத்தில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரும். ஒன்றிரண்டு உருப்படியை மட்டும் கறுப்புப் பையில் தளர்வாகப் போட்டு, மடிப்புக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வைத்து, பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை விடுங்கள். மூட்டையாகத் திணித்தால் மேல்பக்கம் மட்டும் சுட்டு நடுப்பகுதி பிழைத்துக்கொள்ளும். உடை எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். பஷ்மினாவை நான் இப்படிச் சுடவைப்பதில்லை, அதற்கு ஃப்ரீசர்தான்.

மொட்டை மாடியில் வெறுமனே உலர்த்துவது கொல்வதற்குப் போதாது. ஆனால் வெளிச்சம் பட்டதும் புழு இடம்விட்டு நகரும், அப்போது பிரஷால் தையல், பாக்கெட், காலர் அடி எல்லாம் தட்டிவிட்டால் முட்டையும் உதிரும். இரண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் வைத்தால் சாயம் வெளுக்கும்.

எதில் வைப்பது? நீங்கள் செய்வதை அப்படியே சொல்லுங்களேன்.

போன பிப்ரவரியில் செய்ததைச் சொல்கிறேன். கம்பளி என்று தேறியவை மூன்று ஸ்வெட்டர், ஒரு பஷ்மினா, என் கணவரின் கோட்டு. திரும்பி வந்த வாரமே ஸ்வெட்டர்களைத் துவைத்துவிட்டு மற்ற இரண்டையும் சலவைக்குக் கொடுத்தேன். ஸ்வெட்டர்கள் காய்ந்ததும் ஃப்ரீசரில் இரண்டு இரண்டாக ஏறின. இடம் அவ்வளவுதான், ஆக நாலு வாரம் ஆனது. காத்திருந்த ஸ்வெட்டரை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி வைத்திருந்தேன். சால்வையும் கோட்டும் சலவையில் வந்ததால் ஃப்ரீசர் தேவைப்படவில்லை.

அப்புறம் மூட்டை கட்டும் நாள். இங்கேதான் சென்னைக்காரர்கள் தவறுவார்கள். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூச்சி வராது, பூஞ்சணம் வரும். அதனால் மழையில்லாத நாளாகப் பார்த்து, காலை ஈரம் போன பிறகு, கடல் காற்று வீசத் தொடங்குவதற்கு முன்பு, பன்னிரண்டு மணி வாக்கில் மடித்தேன். ஒவ்வொன்றையும் துவைத்த பழைய வேட்டித் துண்டில் சுற்றி, கெட்டியான ஜிப் பையில் போட்டு, வேட்டிக்கு வெளியே 50 கிராம் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று வைத்து மூடினேன். எல்லாப் பைகளும் ஒரு டிரங்குப் பெட்டிக்குள். டிரங்கு மூடியின் இடுக்கில் சுற்றிலும் அகலமான டேப் ஒட்டினேன். பொரித்த புழு அவ்வளவு சன்னமானது, மெல்லிய கோடு போல ஓர் இடுக்கு இருந்தாலே நுழைந்துவிடும். பெட்டி மேல் தேதியும் உள்ளே இருப்பதும் எழுதினேன். பரணில் வைக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் வைத்தேன், ஏனென்றால் பரணில் வைத்ததை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை.

ஆடியில் ஒரு தரம், ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தரம் பெட்டியைத் திறந்தேன். பைகளைத் திறக்கவில்லை, வெளியிலிருந்தே சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்தேன். நான் வாங்குவது ஆரஞ்சு நிற மணி, ஈரம் குடித்தால் பச்சையாகும். ஒரு பையில் பச்சை. ஜிப்பின் மூலையில் வேட்டி நுனி சிக்கிச் சரியாக மூடாமல் இருந்தது. துணியை எடுத்துக் காற்றாடவிட்டு, புது பாக்கெட் வைத்து மூடினேன்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் பையும் நல்லதுதான். அது தட்டையாக இருக்கும்வரை இறுக்கம் சரி, உப்பியிருந்தால் எங்கோ ஓட்டை. ஆனால் இறகு அடைத்த ஜாக்கெட்டை அதில் மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் இறகு துவண்டு கதகதப்பு குறையும்.

வேப்பிலை, வசம்பு, கிராம்பு போதாதா? பாட்டி அப்படித்தானே வைத்தார்?

வசம்பைப் பாட்டிமார் பேர் சொல்லாதது என்பார்கள், அரிசிப் பானையிலும் ஓலைச்சுவடிக் கட்டிலும் அதற்கு இடம் இருந்தது. காஷ்மீரில் சால்வைக்குக் கோஷ்டம் என்ற வேரைப் போட்டார்கள், நம் நாட்டு மருந்துக் கடையில் அதே பெயரில் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் சால்வைகள் ஐரோப்பாவுக்குப் பச்சௌலி இலை வைத்துக் கட்டிப் போயின, அந்த மணம் வந்தால்தான் அசல் சால்வை என்று அங்கே வாங்குபவர்கள் நினைத்தார்கள். ஆகவே இவற்றில் விஷயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசனை அடர்த்தியாக இருக்கும்வரை பூச்சி முட்டையிட வரத் தயங்கும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவை இவை கொல்லாது, சில வாரத்தில் வாசனையும் போய்விடும். பாட்டியின் வீட்டில் அது வேலை செய்ததற்கு இன்னொரு காரணம், மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் உதறி வெயில் காட்டியது.

எனக்கு அந்த மணம் பிடிக்கும் என்பதால் கிராம்பும் வசம்பும் இடித்துத் துணிப்பையில் கட்டி டிரங்குக்குள் போடுகிறேன். காய்ந்த வேப்பிலையை நேராகத் துணி மேல் போடாதீர்கள், பொடியாகி இழையில் ஏறிக் கறை படும். சூடமும் வேண்டாம், குழந்தை வாயில் போட்டால் வலிப்பே வரலாம்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த கம்பளியைப் போர்த்தலாமா?

அப்படியே எடுத்துப் போர்த்தக் கூடாது. பாச்சை உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம் என்று பல பெயரில் விற்பது பெரும்பாலும் நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உருண்டையோடு கிடந்த துணியையும் போர்வையையும் அப்படியே சுற்றியதால் பச்சிளம் குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்தது மருத்துவ உலகில் பலமுறை பதிவாகியிருக்கிறது. அந்தக் குறை இருப்பது பெரும்பாலான வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. கைக்குழந்தைக்கு வேறு போர்வை வாங்குவதுதான் சரி. குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், சோர்ந்து பால் குடிக்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போய், உருண்டை போட்ட துணி பயன்படுத்தியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பழைய நாற்றம் ஏறிய ஸ்வெட்டரிலிருந்து அதை எப்படி எடுப்பது?

முதலில் துவைக்காதீர்கள். நாப்தலின் தண்ணீரில் கரையாது, காற்றில்தான் போகும். நிழலில், நல்ல காற்று ஓடும் பால்கனியில் விரித்து ஒரு வாரம் விடுங்கள், தினம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். சூடான நாளில் வேகமாகப் போகும். பிறகும் மிச்சமிருந்தால் மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் செயலூட்டிய கரித்துண்டோடு நாலைந்து நாள் வைத்து, அதற்குப் பிறகு துவைக்கலாம். பீரோவின் தட்டுகளிலும் அது ஏறியிருக்கும், அவற்றையும் துடைத்துத் திறந்து போடுங்கள்.

பெட்டியைத் திறந்தால் ஓட்டை. இப்போது என்ன செய்வது?

பதறி எல்லாவற்றையும் அறைக்குள் உதறாதீர்கள். அந்த உருப்படியை உடனே பையில் கட்டி, மற்றவற்றை வெளியே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பட்டு மாதிரி வெள்ளை இழையோ சின்னக் குழலோ இருந்தால், மணல் போன்ற எச்சம் துணியின் நிறத்திலேயே இருந்தால், அது அந்துப்புழு. சிவப்புச் சால்வையில் சிவப்பு மணல் உதிர்வதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மயிர் முளைத்த பழுப்புத் தோல்கள் கிடந்தால் கம்பளவண்டின் புழு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: ஃப்ரீசர் அல்லது சூடு, பிறகு சலவை, பெட்டியின் மூலைமுடுக்கை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி அந்தக் குப்பையை வீட்டுக்கு வெளியே போடுவது.

ஓட்டை சிறியதாக இருந்தால் ரஃபூ போடுபவரிடம் கொடுங்கள். துணியின் உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி, ஊடும் பாவுமாக ஓட்டி மூடுவார்கள். புழுவைக் கொன்று சலவை செய்த பிறகே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கடையில் இருக்கும் மற்றவர் சால்வைக்கும் அது போய்ச் சேரும். என்னுடையதில் பதினோரு ஓட்டைகள். கழுத்துப் பக்கம் இருந்த ஏழையும் ஓட்டிக் கொடுத்தார். முந்தியில் இருந்த நாலும் பெரியவை என்பதால் அந்த ஒரு சாணை வெட்டி மடித்துத் தைத்துவிட்டோம். இப்போது கொஞ்சம் குட்டை, ஆனால் போர்த்துகிறேன்.